குலுக்கிப் பிரித்த பிறகு ‘தற்செயலா?’ என்று கேட்கலாமா?

செந்தூலில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் பச்சரிசி மூட்டையும் புழுங்கல் அரிசி மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதை வாங்குவது என்பது இன்று வீட்டுப் பழக்கம், நாக்கின் ருசி, அவ்வளவுதான். நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே கோலாலம்பூரில் அந்த இரண்டு அரிசிக்கும் நடுவே உயிர் ஊசலாடியது.

அப்போது மலாயாவைப் பிடித்து ஆட்டிய நோய் பெரி-பெரி. முதலில் கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். பிறகு உடம்பு வீங்கி, இதயம் தளர்ந்து, ஆள் இறந்துவிடுவார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இதற்குப் பலியானார்கள். தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் வேலை செய்த தமிழர்களிடம் இந்த நோய் அரிதாகவே தெரிந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. காரணம் அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் வாதிட்டார்.

எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்கு நியாயமும் இருந்தது. தமிழருக்கும் சீனருக்கும் அரிசியில் மட்டுமா வேறுபாடு? வேலை வேறு, குடியிருந்த இடம் வேறு, குழம்பு வேறு, குடித்த தண்ணீர்கூட வேறாக இருக்கலாம். நோய் ஏதோ ஒரு கிருமியால் இடத்திலிருந்து தொற்றுகிறது என்று நம்பியவர்கள் பலர். இரண்டு சமூகங்களை ஒப்பிட்டால், அவற்றுக்கு இடையே ஏற்கெனவே இருக்கும் அத்தனை வேறுபாடும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வந்த விளைவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வரிசை

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி கண்டார். 1905 டிசம்பரில் அங்கிருந்த நோயாளிகள் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்போலவே சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர் வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. பிறகு புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் ஒருவர் இங்கே, அடுத்தவர் அங்கே என்று மாற்றி மாற்றிச் சேர்த்தார். நோய் வார்டின் சுவரிலோ தரையிலோ ஒட்டியிருக்குமோ என்ற சந்தேகமும் இருந்ததால், ஆண்டின் நடுவில் இரண்டு குழுக்களின் வார்டுகளையும் இடம் மாற்றினார்.

1906ஆம் ஆண்டின் முடிவில் கணக்குப் பார்த்தார்கள். பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெரி-பெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் பெரி-பெரியால் ஒருவரும் சாகவில்லை. அந்தக் குழுவில் நோய் காணப்பட்டது இரண்டே பேரிடம். அந்த இருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். பிளெட்சரின் அறிக்கை 1907இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை என்ற விளக்கம் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது.

சம்மதம் கேட்கப்படாத மனநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு இது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. அந்தப் பதினெட்டு உயிர்களையும் மறக்காமல்தான் இதிலிருந்து பாடம் படிக்க வேண்டும்.

நமக்கு இங்கே வேண்டியது அந்த ‘இரண்டு பேர் நோயோடு வந்தவர்கள்’ என்ற குறிப்பு. ஆய்வு தொடங்கும்போது யார் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதைப் பிளெட்சர் சொல்லிவிட்டார். இன்றைய மருந்து ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் தகவலுக்கென்றே தனி அட்டவணை உண்டு. பெரும்பாலும் கட்டுரையின் முதல் அட்டவணை அதுதான்.

முதல் அட்டவணையும் அதன் கடைசிப் பத்தியும்

இன்று ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும்போது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். முன்பு சீட்டுப் போட்டார்கள். இப்போது கணினி அந்த வேலையைச் செய்கிறது. மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ அதில் நுழைய முடியாது. பிரித்த பிறகு, சிகிச்சை தொடங்கும் முன் இரு குழுக்களும் எப்படி இருந்தன என்று அட்டவணை போடுகிறார்கள். வயது, எடை, ஆண் பெண் எண்ணிக்கை, ரத்த அழுத்தம், இனிப்புநீர் உள்ளவர்கள், புகைப்பவர்கள் என்று ஒவ்வொரு வரியாக எழுதுவார்கள். ஒரு பத்தியில் மருந்துக் குழு, அடுத்த பத்தியில் ஒப்பீட்டுக் குழு.

இதுவரை எல்லாம் சரி. பல கட்டுரைகளில் மூன்றாவதாக இன்னொரு பத்தியும் இருக்கும். அதன் தலைப்பு ‘பி-மதிப்பு’. வயதுக்கு 0.42, எடைக்கு 0.67, புகைப்பழக்கத்துக்கு 0.03 என்று எண்கள் வரிசையாக இறங்கும். 0.05க்குக் கீழே போனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கடைசியில், “இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே அவை ஒப்பிடத்தக்கவை” என்று ஒரு வாக்கியம். மேற்படிப்பு ஆய்வேட்டிலும் இந்தப் பத்தி இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு.

இந்தப் பத்தி இருக்கக் கூடாது என்று புள்ளியியல் அறிஞர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த டக்ளஸ் ஆல்ட்மன் 1985இல் இதை விரிவாக எழுதினார். ஸ்டீபன் சென் 1994இல் இன்னும் கூர்மையாக எழுதினார். மருந்து ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டும் ‘கன்சார்ட்’ நெறிமுறையின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பும் தொடக்கநிலை வேறுபாடுகளுக்குச் சோதனை போட வேண்டாம் என்கிறது. ஆனாலும் அந்தப் பத்தி போவதாக இல்லை. பார்க்க அறிவியலாகத் தெரிவதுதான் அதற்குக் காரணம். அது ஏன் அறிவியல் இல்லை என்று பார்ப்போம்.

விடை தெரிந்த கேள்வி

பி-மதிப்பைத் தரும் கணக்கைத் தமிழ்ப் புள்ளியியல் நூல்கள் ‘மிகைகாண் சோதனை’ என்று சொல்லும். அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டு குழுக்களுக்கும் இடையே தெரியும் வேறுபாடு வெறும் தற்செயலால் வந்திருக்கக்கூடுமா? 0.03 என்ற விடையின் பொருள் இது: தற்செயல் மட்டுமே வேலை செய்திருந்தால், இவ்வளவு வேறுபாடோ இதைவிடப் பெரிய வேறுபாடோ நூறு முறையில் மூன்று முறை வரும்.

ஆய்வின் முடிவில் இந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. ஒரு குழு மருந்து சாப்பிட்டது, மற்றது சாப்பிடவில்லை. ஒரு குழுவில் இறப்பு குறைந்திருந்தால், காரணம் மருந்தா தற்செயலா என்று நமக்குத் தெரியாது. அதனால் கேட்கிறோம்.

தொடக்கத்தில் நிலைமை அப்படி இல்லை. யாரும் இன்னும் மருந்தைத் தொடவில்லை. யார் எங்கே போவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. ஆகவே மருந்துக் குழுவில் புகைப்பவர்கள் கூடுதலாக இருந்தால் அதற்குக் காரணம் குலுக்கல்தான். வேறு எதுவும் இருக்க முடியாது. ‘இது தற்செயலா?’ என்ற கேள்விக்கு விடை, கணக்குப் போடுவதற்கு முன்பே தெரியும்: ஆம், தற்செயல்தான். பி-மதிப்பு 0.42 ஆக இருந்தாலும் தற்செயல்தான், 0.001 ஆக இருந்தாலும் தற்செயல்தான். நாமே சீட்டைக் குலுக்கிப் போட்டுவிட்டு, இதைக் குலுக்கிப் போட்டது யார் என்று விசாரணை வைப்பது போன்றது அந்தப் பத்தி.

அந்த நட்சத்திரக் குறிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்த்துவிடலாம். 0.05 என்ற எல்லையை வைத்தால், எந்தக் குற்றமும் இல்லாத குலுக்கலிலும் இருபது வரிக்குச் சராசரியாக ஒரு வரி அந்த எல்லைக்குக் கீழே விழும். இருபது வரிகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால், குறைந்தது ஒரு நட்சத்திரமாவது விழுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. நட்சத்திரம் விழாத அட்டவணைதான் அதிர்ஷ்டம் செய்தது. விழுந்துவிட்டது என்பதற்காக ஆய்வாளர் பதறுவதும், அந்த வரியையே அட்டவணையிலிருந்து தூக்கிவிட நினைப்பதும் தேவையில்லாத வேலை.

நட்சத்திரம் இல்லாத ஆபத்து

தேவையில்லாத பத்தி என்பதோடு போனால் பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். அது தீங்கும் செய்கிறது. அந்தத் தீங்கு பெரும்பாலும் நட்சத்திரம் விழாத வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

பிளெட்சரின் ஆய்வைப் போன்ற ஒன்றைக் கற்பனை செய்து கணக்கிடுவோம். எண்கள் நாம் வைத்துக்கொள்பவை. குழுவுக்கு 120 பேர். ‘அ’ குழுவுக்குப் புதிய சிகிச்சை, ‘ஆ’ குழுவுக்குப் பழைய சிகிச்சை. வந்து சேரும்போதே கால் மரத்துப்போய், நோயின் முதல் அறிகுறியோடு இருந்தவர்கள் ‘அ’ குழுவில் 18 பேர், ‘ஆ’ குழுவில் 10 பேர். குலுக்கல் அப்படி அமைந்துவிட்டது. மிகைகாண் சோதனை போட்டால் பி-மதிப்பு ஏறக்குறைய 0.11 வரும். நட்சத்திரம் இல்லை. கட்டுரையில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது அந்த அறிகுறி எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள். அறிகுறியோடு வந்தவர்களில் பாதிப் பேர் இறப்பார்கள், மற்றவர்களில் பத்தில் ஒருவர் இறப்பார் என்று வைத்துக்கொள்வோம். புதிய சிகிச்சைக்கு எந்தப் பயனும் இல்லை, தீங்கும் இல்லை என்றே கொள்வோம். ‘அ’ குழுவில் அறிகுறியோடு வந்த 18 பேரில் 9 பேரும், மீதி 102 பேரில் சுமார் 10 பேரும் இறப்பார்கள், மொத்தம் 19. ‘ஆ’ குழுவில் 10 பேரில் 5 பேரும், மீதி 110 பேரில் 11 பேரும் இறப்பார்கள், மொத்தம் 16. சிகிச்சை ஒன்றுமே செய்யாதபோதும் புதிய சிகிச்சைக் குழுவில் மூன்று பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள்.

சிகிச்சை உண்மையில் மூன்று உயிர்களைக் காப்பாற்றுவதாக இருந்தால்? ‘அ’ குழுவிலும் 16, ‘ஆ’ குழுவிலும் 16. பயனில்லை என்று சொல்லி நல்ல சிகிச்சையை ஓரங்கட்டிவிடுவோம். முதல் அட்டவணையில் 0.11 என்று எழுதி, ஒன்றுமில்லை என்று கடந்துபோன வரி அந்த வேலையைச் செய்துவிடும்.

இங்கே எது முக்கியம் என்று கவனியுங்கள். வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது ஒன்று. அந்தப் பண்பு நோயின் போக்கை எவ்வளவு மாற்றும் என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்துதான் முடிவைக் கெடுக்கின்றன. பி-மதிப்புக்கு இரண்டாவது விஷயம் தெரியவே தெரியாது. கால் மரத்துப்போனதையும் சட்டையின் நிறத்தையும் அது ஒரே தராசில் நிறுக்கும்.

முதல் விஷயத்தையும் அது கோணலாகத்தான் சொல்லும், ஏனென்றால் ஆட்களின் எண்ணிக்கை அதில் கலந்துவிடுகிறது. குழுவுக்குப் பத்துப் பேர் உள்ள சிறிய ஆய்வில், ஒரு பக்கம் ஆறு பேருக்கும் மறுபக்கம் மூன்று பேருக்கும் இதய நோய் இருந்தால் அது இரண்டு மடங்கு வேறுபாடு. சோதனை தரும் விடை 0.37; ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். குழுவுக்குப் பத்தாயிரம் பேர் உள்ள ஆய்வில் ஒரு பக்கம் சராசரி வயது 45.0, மறுபக்கம் 45.4 என்றால், அது ஐந்து மாத வேறுபாடு, யாரையும் பாதிக்காது. ஆனால் வயதுகள் வழக்கமான அளவுக்குப் பரவியிருந்தால் சோதனை தரும் விடை சுமார் 0.02, உடனே நட்சத்திரம் விழும். கவலைப்பட வேண்டிய இடத்தில் அமைதி, கவலை வேண்டாத இடத்தில் அலறல். இப்படிப்பட்ட அபாயமணியை வீட்டில் யாராவது மாட்டுவார்களா?

ஈரல் மருந்து சொன்ன பாடம்

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. பித்தநாளங்களை மெல்ல மெல்ல அழிக்கும் ஈரல் நோய் ஒன்றுக்கு அசத்தையோப்ரின் என்ற மருந்து பயன்படுமா என்று பல நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. முடிவு 1985இல் வெளியானது. இந்த நோயில் ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதைப் பெரிதும் காட்டிக்கொடுப்பது ரத்தத்தில் உள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளின் அளவு. அது கூடினால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள்.

குலுக்கலில் மருந்துக் குழுவுக்குப் பிலிருபின் சற்றுக் கூடியவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வேறுபாடு சிறியது, சோதனை போட்டால் நட்சத்திரம் விழாத அளவு. இரு குழுக்களின் ஆயுளையும் நேராக ஒப்பிட்டபோது மருந்துக்குத் தெளிவான பயன் தெரியவில்லை. ஒவ்வொருவரின் தொடக்கப் பிலிருபின் அளவையும் மற்ற முக்கியக் குறிகளையும் கணக்கில் சேர்த்து, ஒத்த நிலையில் இருந்தவர்களை ஒத்த நிலையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது மருந்துக்குச் சாதகமான வேறுபாடு வெளிப்பட்டது. அந்த மருந்து பிற்பாடு இந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை என்பது வேறு கதை. நமக்குப் பாடம் இதுதான்: நட்சத்திரம் விழாத ஒரு சிறிய வேறுபாடு ஆய்வின் முடிவையே புரட்டிப் போட முடியும், அந்தப் பண்பு நோயோடு நெருங்கிய தொடர்பு உடையதாக இருந்தால்.

அப்படியானால் என்ன செய்வது?

குலுக்கலுக்கு முன்பே யோசிக்க வேண்டும். இந்த நோயில் எந்தெந்தப் பண்புகள் விளைவை மாற்றும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். பெரி-பெரியில் வரும்போதே அறிகுறி இருந்ததா என்பது, ஈரல் நோயில் பிலிருபின், மாரடைப்பில் வயது. இரண்டு மூன்று போதும். அவற்றை ஆய்வுத் திட்டத்தில், ஒரு நோயாளிகூடச் சேரும் முன், எழுதிவைத்துவிட வேண்டும்.

பிறகு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பிரித்துக் குலுக்குவது. அறிகுறி உள்ளவர்களுக்குத் தனிக் குலுக்கல், இல்லாதவர்களுக்குத் தனிக் குலுக்கல் வைத்து, ஒவ்வொரு நான்கு பேருக்கு ஒரு முறை இரு பக்கமும் சமமாகும்படி சீட்டுகளைக் கட்டிவிட்டால், நம் கற்பனை ஆய்வில் 28 பேரும் ஏறக்குறைய 14, 14 என்று பிரிந்திருப்பார்கள். இரண்டாவது வழி, முடிவில் கணக்குப் போடும்போது அந்தப் பண்புகளையும் சேர்த்துக்கொள்வது. ஈரல் ஆய்வில் செய்தது இதுதான். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘முதலில் சோதனை போடுவோம், நட்சத்திரம் விழுந்த வரியை மட்டும் கணக்கில் சேர்ப்போம்’ என்று பலர் நினைக்கிறார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் நோயோடு தொடர்பில்லாத சட்டை நிறம் உள்ளே வரும், 0.11 வாங்கிய அறிகுறி வெளியே நிற்கும். அதோடு, எதைச் சேர்ப்பது என்பதை எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், தனக்குப் பிடித்த முடிவு வரும்வரை சேர்த்தும் நீக்கியும் பார்க்கும் ஆசையும் கூடவே வரும். நோயோடு உள்ள தொடர்பை வைத்து முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான் விதி.

நாம் அறியாத பண்புகள் சமமாகப் பிரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். அதற்கான இடம் முடிவில் போடும் கணக்கிலேயே இருக்கிறது. ஆய்வின் இறுதியில் சொல்லப்படும் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்ற தடுமாற்ற எல்லை, குலுக்கல் தற்செயலாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம் என்பதையும் உள்ளடக்கியே போடப்படுகிறது. குலுக்கல் எல்லாவற்றையும் சமமாக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எந்தப் பக்கமும் வேண்டுமென்றே சாயாது என்பதும், எவ்வளவு சாயக்கூடும் என்பதைக் கணக்கிட முடியும் என்பதும்தான் அது தரும் வாக்கு.

சோதனைக்கு இடம் உள்ள ஒரே இடம்

இத்தனையும் ஒரு நிபந்தனையின் பேரில்தான்: குலுக்கல் உண்மையாகவே நடந்திருக்க வேண்டும். அது நடந்ததா என்ற சந்தேகம் வந்துவிட்டால், ‘இந்த வேறுபாடு தற்செயலா?’ என்ற கேள்விக்கு உயிர் வந்துவிடும்.

பிளெட்சரின் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இங்கே, அடுத்தவர் அங்கே என்பது குலுக்கல் அல்ல. அடுத்து வருபவர் எந்த வார்டுக்குப் போவார் என்பது வாசலில் நிற்பவருக்கு முன்பே தெரியும். பலவீனமான ஒருவரைப் பார்த்து இரக்கப்பட்டு, இன்னொருவரை முன்னே விட்டுவிட்டு அவரைப் புழுங்கல் அரிசி வார்டுக்கு அனுப்ப யாராவது நினைத்தால் தடுக்க வழியில்லை. அவர் ஆய்வில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. 18 சாவுக்கு எதிரே ஒன்றுமில்லை என்ற வேறுபாட்டை அவ்வளவு எளிதில் அப்படி விளக்கிவிடவும் முடியாது. ஆனால் முறை அதற்கு இடம் கொடுக்கிறது. அதனால்தான் இன்று அடுத்த சீட்டு என்ன என்பதை நோயாளியைச் சேர்ப்பவரிடமிருந்து மறைத்துவைக்கிறார்கள்.

அண்மைக்கால உதாரணம் ஸ்பெயினிலிருந்து. ஆலிவ் எண்ணெய், பருப்புக் கொட்டைகள் நிறைந்த மத்தியதரைக் கடல் உணவு இதயத்தைக் காக்குமா என்று 7,447 பேரிடம் நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு 2013இல் வெளியாகிப் பெரும் புகழ் பெற்றது. 2017இல் ஜான் கார்லைல் என்ற பிரிட்டிஷ் மயக்க மருந்து நிபுணர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளின் தொடக்க அட்டவணைகளை எடுத்து, அவற்றிலுள்ள எண்கள் உண்மையான குலுக்கலில் வரக்கூடியவைதானா என்று கணக்கிட்டார். சந்தேகத்துக்கு உள்ளானவற்றில் பிரெடிமெட்டும் ஒன்று. ஆய்வாளர்கள் தாங்களே திரும்பிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்தவர்களில் இரண்டாமவரைக் குலுக்காமலே முதலாமவரின் குழுவில் சேர்த்திருந்தார்கள். ஓர் இடத்தில் ஆள் ஆளாகப் பிரிக்காமல், மருத்துவ நிலையம் நிலையமாகப் பிரித்திருந்தார்கள். 2018இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்கோடும் அடக்கமான வாசகங்களோடும் மீண்டும் வெளியானது.

கார்லைல் செய்தது தணிக்கை. வரி வரியாக நட்சத்திரம் ஒட்டாமல், அட்டவணை முழுவதையும் சேர்த்துப் பார்த்தார். வேறுபாடு மிக அதிகமாக இருந்தாலும் சந்தேகம், இயற்கைக்கு மாறாக மிகக் குறைவாக இருந்தாலும் சந்தேகம். அவர் கேட்டது ‘குலுக்கல் ஒழுங்காக நடந்ததா?’ என்ற கேள்வி. கட்டுரையின் மூன்றாவது பத்தி விடை சொல்வதாகக் காட்டிக்கொள்ளும் கேள்வி வேறு: ‘இரு குழுக்களும் ஒப்பிடத்தக்கவையா?’ சோதனையால் முதல் கேள்வியை விசாரிக்க முடியும். இரண்டாவதற்கு அது விடை தராது.

அட்டவணையைப் படிக்கும்போது

அடுத்த முறை ஒரு மருந்து ஆய்வு உங்கள் கைக்கு வந்தால், முதல் அட்டவணையில் பி-மதிப்புப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். இந்த நோயில் யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை முடிவு செய்யும் இரண்டு மூன்று வரிகள் எவை என்று முதலில் தேடுங்கள். அந்த வரிகளில் இரண்டு குழுக்களின் எண்களையும் நேராக ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்ணில் பட்டால், முடிவுக் கணக்கில் அந்தப் பண்பைச் சேர்த்தார்களா, சேர்ப்பதாக முன்பே எழுதியிருந்தார்களா என்று பாருங்கள். பிறகு, அடுத்த சீட்டை யாரும் முன்கூட்டிப் பார்க்க முடியாதபடி குலுக்கல் நடந்ததா என்பதைச் செய்முறைப் பகுதியில் தேடுங்கள்.

பிளெட்சரின் அறிக்கையில் பி-மதிப்பு எதுவும் இல்லை. அந்தக் கணக்கே அப்போது வழக்கத்தில் இல்லை. ஆனால் புழுங்கல் அரிசி வார்டில் நோய் கண்ட இரண்டு பேரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள் என்று அவர் எழுதிவைத்தார். தொடக்க அட்டவணை செய்ய வேண்டிய வேலை அதுதான்.